N-ஆ, N−1-ஆ? ஐந்து கிணறுகளை வைத்து ஒரு விளக்கம்

கூறெடுப்பு முறைகளைப் படிக்கத் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தில் சிக்குகிறார்கள். எளிய சமவாய்ப்பு முறையில், எடுத்ததைத் திரும்ப வைக்காமல் n அலகுகளை எடுக்கிறோம். அவற்றின் சராசரிக்கு எவ்வளவு வேரியன்ஸ் என்று கேட்டால் ஒரு புத்தகம் ஒரு சூத்திரத்தைத் தருகிறது, இன்னொரு புத்தகம் வேறொன்றைத் தருகிறது.

```
Var(ȳ) = (1 − n/N) · S²/n
Var(ȳ) = (N − n)/(N − 1) · σ²/n
```

இரண்டும் சரி. இரண்டும் ஒரே எண்ணைத்தான் தரும். வேறுபாடு முழுத்தொகுதியின் வேரியன்ஸை எப்படி வரையறுக்கிறோம் என்பதில் மட்டுமே இருக்கிறது. N அலகுகளின் விலக்க வர்க்கங்களைக் கூட்டி N-ஆல் வகுத்தால் σ². அதே கூட்டுத்தொகையை N−1-ஆல் வகுத்தால் S². வில்லியம் காக்ரனின் கூறெடுப்பு நூல் S²-ஐ எடுத்துக்கொண்டது. அதன் மூன்றாம் பதிப்பு 1977-இல் வந்தது, இன்றும் வகுப்புகளில் புழங்குகிறது. நிகழ்தகவிலிருந்து தொடங்கும் கணிதப் புள்ளியியல் நூல்களில் பெரும்பாலும் σ²தான். மாணவர் இரண்டு நூல்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கும்போது, ஒன்றின் முன்பகுதியையும் மற்றதன் பின்பகுதியையும் ஒட்டவைத்துவிடுகிறார். அங்கேதான் விடை தவறுகிறது.

"N−1 எதற்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "சராசரியைக் கணித்ததால் ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் போய்விட்டது" என்பது. மாதிரியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பதிலில் பொருள் உண்டு. முழுத்தொகுதிக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. முழுத்தொகுதியில் நாம் எதையும் மதிப்பிடவில்லை. N மதிப்புகளும் நிலையானவை, அவற்றின் சராசரியும் நிலையானது. அப்படியிருக்க N−1 எங்கிருந்து வருகிறது? அதற்கு நேரான காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க ஒரு சிறிய கணக்குப் போதும்.

ஒரு சிற்றூரில் ஐந்து கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரைமட்டத்திலிருந்து நீர் இருக்கும் ஆழம் முறையே 2, 4, 6, 8, 10 மீட்டர். சராசரி 6. விலக்கங்கள் −4, −2, 0, 2, 4. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. ஆகவே σ² = 40/5 = 8, S² = 40/4 = 10. எல்லாமே முழு எண்கள் என்பதால்தான் இந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது இரண்டு கிணறுகளைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. வரக்கூடிய மாதிரிகள் மொத்தம் பத்து. அவற்றின் சராசரிகள்:

```
(2,4) 3    (2,6) 4    (2,8) 5    (2,10) 6   (4,6) 5
(4,8) 6    (4,10) 7   (6,8) 7    (6,10) 8   (8,10) 9
```

இந்தப் பத்து எண்களின் சராசரி 6. உண்மையான சராசரியும் அதுவே. 6-இலிருந்து ஒவ்வொன்றின் விலக்கத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 30 வருகிறது. பத்தும் சமவாய்ப்புள்ளவை, ஆகவே வேரியன்ஸ் 30/10 = 3.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிலர் இங்கேயும் பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுத்துவிடுகிறார்கள். அது தவறு. இந்தப் பத்தும் எங்கிருந்தோ எடுத்த மாதிரி அல்ல. நடக்கக்கூடியவை அனைத்தும் இவ்வளவுதான், ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு 1/10. நிகழ்தகவுப் பரவலின் வேரியன்ஸில் கழித்தலுக்கு இடமே இல்லை.

சூத்திரங்களைப் பார்ப்போம். முதலாவது: (1 − 2/5) × 10/2 = 0.6 × 5 = 3. இரண்டாவது: (3/4) × 8/2 = 0.75 × 4 = 3. இரண்டும் பொருந்துகின்றன. தவறாக ஒட்டவைத்தால் என்ன ஆகிறது? 1 − n/N உடன் σ²-ஐச் சேர்த்தால் 0.6 × 4 = 2.4. மற்றதில் S²-ஐச் சேர்த்தால் 0.75 × 5 = 3.75. ஒன்று குறைவு, ஒன்று அதிகம்.

சரி, 3/4-இன் கீழே இருக்கும் அந்த 4, அதாவது N−1, ஏன் வருகிறது? முதல் சீட்டில் 10 மீட்டர் கிணறு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கின் சராசரி 5. முதலில் 2 வந்திருந்தால் மீதியின் சராசரி 7. முதல் சீட்டு மேலே போனால் இரண்டாவது சீட்டு சற்றே கீழே இழுக்கப்படுகிறது. அதாவது இரண்டுக்கும் இடையே எதிர்மறைக் கோவேரியன்ஸ் இருக்கிறது. எவ்வளவு என்று கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு: ஐந்து சீட்டுகளையும் எடுத்துவிடுவது.

ஐந்தையும் எடுத்தால் எந்த வரிசையில் எடுத்தாலும் கூட்டுத்தொகை 30தான். மாறாத எண்ணுக்கு வேரியன்ஸ் பூஜ்யம். அதே சமயம், ஒரு கூட்டுத்தொகையின் வேரியன்ஸ் என்பது ஒவ்வோர் உறுப்பின் வேரியன்ஸும் அதனுடன் எல்லாச் சோடிகளின் கோவேரியன்ஸும் சேர்ந்தது. தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டின் வேரியன்ஸும் 8. வரிசை கணக்கில் கொண்ட சோடிகள் 5 × 4 = 20. எல்லாச் சோடிகளுக்கும் கோவேரியன்ஸ் ஒன்றே, அதை c என்போம்.

```
5·8 + 20·c = 0      →   c = −2
N·σ² + N(N−1)·c = 0 →   c = −σ²/(N−1)
```

N−1 பிறக்கும் இடம் இதுதான். ஒரு சீட்டு எடுத்தபின் அதற்குத் துணையாக வரக்கூடியவை N−1 மட்டுமே. மதிப்பீட்டில் எதையோ இழந்ததால் அது வரவில்லை.

இப்போது இரண்டு சீட்டுகளின் சராசரிக்கு வருவோம். கூட்டுத்தொகையின் வேரியன்ஸ் 8 + 8 + 2 × (−2) = 12. சராசரிக்கு அதை 4-ஆல் வகுக்கிறோம், விடை 3. பட்டியல் போட்டுக் கண்ட அதே எண். பொதுவாக n சீட்டுகளுக்கு எழுதினால்:

```
Var(ȳ) = (1/n²)·[ n·σ² + n(n−1)·c ]
       = (σ²/n)·[ 1 − (n−1)/(N−1) ]
       = (σ²/n)·(N−n)/(N−1)
```

σ²-ஐ வைத்துத் தொடங்கியதால் (N−n)/(N−1) வந்தது. இங்கே σ²-க்குப் பதில் (N−1)S²/N என்று போட்டால் N−1 இரண்டும் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது (N−n)/N, அதாவது 1 − n/N. காக்ரன் S²-ஐ விரும்பியதன் காரணமும் இந்தச் சுருக்கம்தான்: அந்த வரையறையில் பெரும்பாலான முடிவுகள் சற்று எளிய வடிவத்தில் வருகின்றன. வேரியன்ஸ் பகுப்பாய்வு வழியாகக் கூறெடுப்புக்கு வந்தவர்கள் அந்த வரையறையைக் கையாண்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

எளிமை மட்டும்தானா என்றால், இல்லை. S²-க்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பார்த்தபிறகு N−1 ஒரு திருத்தம் போலவே தோன்றாது.

வேரியன்ஸைச் சராசரியிலிருந்து அளக்காமல், அலகுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை வைத்தும் அளக்கலாம். இரண்டு கிணறுகளை எடுத்து, ஆழங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, அதில் பாதியை எடுங்கள். (2,4) என்றால் 2. (2,10) என்றால் 32. பத்துச் சோடிகளுக்கும் வரிசையாக 2, 8, 18, 32, 2, 8, 18, 2, 8, 2 என்று வரும். கூட்டினால் 100, சராசரி 10. அதுதான் S². வெவ்வேறான இரண்டு அலகுகளுக்கு இடையிலுள்ள பாதி வர்க்க வித்தியாசத்தின் சராசரி என்பதே S²-இன் பொருள்.

σ² என்ன? ஒரு கிணற்றை அதனோடேயே சோடி சேர்க்க அனுமதியுங்கள். வரிசையோடு எண்ணினால் 25 சோடிகள். அவற்றில் ஐந்து தன்னோடு தானே சேர்ந்தவை, அவற்றின் வித்தியாசம் பூஜ்யம். மீதி இருபதின் கூட்டுத்தொகை 200. 200/25 = 8. அதுதான் σ².

திரும்ப வைக்காமல் எடுக்கும் முறையில் ஒரு கிணறு தன்னோடு தானே சோடி சேர வழியே இல்லை. அதனால் அந்த முறைக்கு இயல்பான அளவு S². திரும்ப வைத்து எடுத்தால் அதே கிணறு இரண்டு முறை வரலாம், ஆகவே அங்கே இயல்பான அளவு σ². எதை எடுக்கிறோம் என்பது வெறும் குறியீட்டு விருப்பம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. சீட்டு எடுக்கும் முறையே அதைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து இன்னொரு முடிவு கூடுதல் உழைப்பில்லாமல் கிடைக்கிறது. நம் கையில் இருக்கும் மாதிரியின் வேரியன்ஸ் s², அதாவது n−1-ஆல் வகுத்தது, மாதிரிக்குள் இருக்கும் சோடிகளின் பாதி வர்க்க வித்தியாசச் சராசரிதான். மாதிரிக்குள் வரும் எந்தச் சோடியும் முழுத்தொகுதியின் எந்தச் சோடியாகவும் இருக்கச் சமவாய்ப்பு உண்டு. ஆகவே s²-இன் எதிர்பார்ப்பு மதிப்பு சரியாக S². மேலே எழுதிய பத்து எண்களே n = 2 என்னும்போது பத்து மாதிரிகளின் s² மதிப்புகள், அவற்றின் சராசரி 10. திரும்ப வைத்து எடுத்திருந்தால் 25 வரிசைகளின் s² சராசரி 8, அது σ². நூல்களில் அரைப் பக்கம் நீளும் நிறுவல் இங்கே இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

களப்பணியில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. உண்மையில் S²-உம் தெரியாது, σ²-உம் தெரியாது. தெரிவது s² மட்டும். அது S²-ஐ மதிப்பிடுவதால், S² இருந்த இடத்தில்தான் அதை வைக்க வேண்டும்:

```
v(ȳ) = (1 − n/N) · s²/n
```

(N−n)/(N−1) என்ற காரணியோடு s²-ஐ வைத்தால் வேரியன்ஸ் N/(N−1) மடங்கு மிகையாகும். ஆயிரம் அலகுகள் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாது. ஐந்து இருந்தால் கால் பங்கு.

இந்த இரண்டு காரணிகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 1 − n/N என்பது தொகுதியில் நாம் இன்னும் பார்க்காத பகுதி எவ்வளவு என்று சொல்கிறது. (N−n)/(N−1) என்பது, திரும்ப வைத்து எடுத்திருந்தால் வந்திருக்கும் வேரியன்ஸில் எத்தனை பங்கு இப்போது வருகிறது என்று சொல்கிறது. கிணறுகளில் திரும்ப வைத்தால் 8/2 = 4, வைக்காவிட்டால் 3, விகிதம் 3/4.

விகிதாசாரம் கணக்கிடும்போது இந்தத் தவறு அடிக்கடி நுழைகிறது. ஆம், இல்லை என்ற பதில்களை 1, 0 என்று எழுதினால் σ² என்பது PQ. S² என்பது N·PQ/(N−1). மனம் PQ-வையே பிடித்துக்கொள்வதால், மாதிரியிலும் pq/n என்று எழுதி, பக்கத்தில் ஏதாவதொரு திருத்தக் காரணியைப் போட்டுவிடுகிறோம். சரியான மதிப்பீடு இது:

```
v(p) = (1 − n/N) · pq/(n − 1)
```

ஐம்பது வீடுகளில் பத்தைப் பார்த்தோம், மூன்றில் குடிநீர் இணைப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். pq = 0.21. சரியான வழியில் 0.8 × 0.21/9, ஏறக்குறைய 0.0187. திட்டப் பிழை 0.137. வகுக்கும் எண் n என்று நினைத்து (40/49) × 0.21/10 என்று போட்டால் 0.0171, திட்டப் பிழை 0.131. இங்கே வேறுபாடு பெரிதாக வருவதற்குக் காரணம் N அல்ல, n சிறியது என்பது. எந்த n−1, எந்த N−1 என்று பிரித்துப் பார்க்க இது நல்ல பயிற்சி.

மாதிரி அளவைக் கணக்கிடும் சூத்திரமும் இரண்டு வடிவங்களில் புழங்குவதற்கு இதே காரணம்தான். ஒன்றில் n₀/(1 + n₀/N), இன்னொன்றில் n₀/(1 + (n₀−1)/N). முதலாவது S²-இலிருந்து வந்தது. இரண்டாவது PQ-இலிருந்து, அதாவது σ²-இலிருந்து வந்தது. N = 200, n₀ = 384.16 என்று போட்டுப் பார்த்தால் ஒன்று 131.5, மற்றது 131.8. மேல்நோக்கி முழுமையாக்கினால் இரண்டும் 132. இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: அடுக்குவாரிக் கூறெடுப்பு. 4,000 அலகுகள் கொண்ட ஒரு பெரிய தொகுதி, அது ஆயிரம் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு அலகுகள், அவற்றில் இரண்டை எடுக்கிறோம் என்று வையுங்கள். "N நாலாயிரம், N-க்கும் N−1-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று எண்ணத் தோன்றும். ஆனால் சூத்திரம் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகப் போடப்படுகிறது, அங்கே N நான்குதான். 1 − n/N உடன் அடுக்கின் σ²-ஐச் சேர்த்துவிட்டால் ஒவ்வோர் அடுக்கின் வேரியன்ஸும் நான்கில் மூன்று பங்காகக் குறையும். எல்லாத் தவறும் ஒரே திசையில் இருப்பதால் கூட்டும்போது ஒன்றையொன்று ஈடுகட்டாது. மொத்த வேரியன்ஸும் கால் பங்கு குறைவு, திட்டப் பிழை சுமார் 13 சதவீதம் குறைவு. அறிக்கையில் நம்பிக்கை இடைவெளி இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக அச்சாகும். பழைய கணக்கெடுப்பின் முழு விவரத்தை வைத்து அடுத்த ஆய்வைத் திட்டமிடும்போது இது நடக்கும், ஏனென்றால் அப்போது அடுக்கின் எல்லா மதிப்புகளும் கையில் இருக்கும், "இதுதான் முழுத்தொகுதி ஆயிற்றே" என்று N-ஆல் வகுத்துவிடுவோம்.

கணினியும் இதில் பங்கெடுக்கிறது. NumPy-யின் `var` தானாக N-ஆல் வகுக்கும். pandas-இன் `var` ஒன்று குறைத்து வகுக்கும். R-இன் `var` எப்போதும் ஒன்று குறைத்துத்தான் வகுக்கும். எக்செலில் `VAR.P` ஒரு வகை, `VAR.S` ஒரு வகை. ஒரே நிரலில் NumPy-யையும் pandas-ஐயும் கலந்து எழுதுபவர்கள் `ddof` என்ன என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. கிணற்றுக் கணக்கை ஓட்டிப் பார்க்க:

```python
from itertools import combinations
import numpy as np

y = np.array([2, 4, 6, 8, 10])
pairs = list(combinations(y, 2))
print(np.var(y, ddof=0), np.var(y, ddof=1))        # 8.0 10.0
print(np.var([np.mean(p) for p in pairs], ddof=0)) # 3.0
print(np.mean([np.var(p, ddof=1) for p in pairs])) # 10.0
```

கையில் ஒரு சூத்திரம் கிடைக்கிறது, குறியீட்டின் வரையறை அதோடு இல்லை. அது சரியாக ஒட்டப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் n = N என்று போட்டுப் பார்ப்பார்கள், பூஜ்யம் வந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சோதனை போதாது. N−n என்ற காரணி எல்லா வடிவங்களிலும் இருப்பதால் தவறான சூத்திரமும் அதில் தேறிவிடும். n = 1 என்று போடுங்கள். ஒரே ஒரு சீட்டு எடுத்தால் அதன் வேரியன்ஸ் கட்டாயம் σ²-ஆகத்தான் இருக்க வேண்டும், கிணறுகளில் 8. சரியான இரண்டு சூத்திரங்களும் 0.8 × 10 என்றும் 1 × 8 என்றும் அந்த 8-ஐத் தரும். தவறாக ஒட்டியவை 6.4 என்றும் 10 என்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து 1, 2, 3, 4, 5, 9 என்ற ஆறு எண்களுக்கு n = 3 வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மாதிரிகள் இருபது. சராசரிகளின் வேரியன்ஸ் 4/3 வர வேண்டும், இருபது s² மதிப்புகளின் சராசரி 8 வர வேண்டும்.